சாப்பிட்டது ராம், வினை ரொட்டியின் பக்கம்

‘ராம் நே ரோட்டீ காயீ.’ இந்தி படிக்கத் தொடங்கும் தமிழர்கள் பலர் தடுக்கி நிற்கும் வாக்கியம் இது. ராம் ஆண். சாப்பிட்டவன் அவன்தான். ஆனால் ‘காயீ’ என்பது பெண்பால் வினை. இங்கே பெண்பாலாக இருப்பது ரொட்டி மட்டுமே. அதே ராம் மாம்பழம் சாப்பிட்டால் ‘ராம் நே ஆம் காயா’ என்று வினை ஆண்பாலுக்குத் தாவிவிடும், ஏனென்றால் இந்தியில் மாம்பழம் ஆண்பால். ராமின் இடத்தில் சீதாவை உட்கார வைத்தாலும் வினையில் ஓர் எழுத்துகூட மாறாது. ‘சீதா நே ரோட்டீ காயீ’, ‘சீதா நே ஆம் காயா’ என்றுதான் வரும். சீதா மாம்பழம் தின்றாள் என்று சொல்ல ஓர் ஆண்பால் வினை!

தமிழ் பேசுகிறவருக்கு இது வெறும் விதி மீறலாகப் படுவதில்லை, காலடியில் தரையே நகர்ந்ததுபோல் படுகிறது. நம் மொழியில் யார் செய்தார் என்ற கேள்விக்கு வினைமுற்றுதான் விடை சொல்லும். ‘வந்தாள்’ என்றால் போதும், ‘அவள்’ தேவையில்லை. எழுவாயை விழுங்கிவிட்டுப் பக்கம் பக்கமாகக் கதை எழுதலாம். ஆன், ஆள், ஆர், அது என்ற விகுதிகள் ஆளைக் காட்டிக்கொண்டே வரும். அதனால் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடி, அங்கே ஆளைத் தேடுவது நமக்கு ஊறிப்போன பழக்கம்.

சிக்கல் என்னவென்றால், இந்தியில் அந்தப் பழக்கம் பெரும்பாலான நேரம் பலிக்கிறது. ‘ராம் ரோட்டீ காதா ஹை’, ‘சீதா ரோட்டீ காதீ ஹை’: நிகழ்காலத்தில் வினை சாப்பிடுகிறவரைப் பார்த்து மாறுகிறது. எதிர்காலத்தில் ‘ராம் காயேகா’, ‘சீதா காயேகீ’. போவது, வருவது, தூங்குவது போன்ற வினைகளில் நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும் ‘ராம் கயா’, ‘சீதா கயீ’ என்று ஒழுங்காகத்தான் இருக்கிறது. இத்தனை இடத்தில் நம்பிக்கை கொடுத்துவிட்டு ஒரே ஓர் இடத்தில் அது காலை வாரிவிடுகிறது. செயப்படுபொருள் குன்றா வினையாக இருந்து, செயலும் முடிந்துபோனதாகச் சொல்லப்படும் இடம் அது. அங்கே செய்தவர் மேல் ‘நே’ என்ற உருபு வந்து ஏறிக்கொள்ளும். அது ஏறியதும் வினை அவரைக் கண்டுகொள்வதில்லை. மொழியியலார் இந்த அமைப்பை ‘எர்கேட்டிவ்’ என்பார்கள்.

வகுப்பில் இதை ‘இறந்தகாலத்தில் நே வரும்’ என்று சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. ‘ராம் ரோட்டீ கா ரஹா தா’ (சாப்பிட்டுக்கொண்டிருந்தான்) என்பதும் இறந்தகாலம்தான், ஆனால் ‘நே’ இல்லை, வினையும் ராமைப் பார்க்கிறது. ‘ராம் ரோட்டீ காதா தா’ (சாப்பிடுவது வழக்கம்) என்பதிலும் அப்படியே. மறுபக்கம் ‘ராம் நே ரோட்டீ காயீ ஹோகீ’ (சாப்பிட்டிருப்பான்) என்பது ஊகம். அதில் ‘நே’ உண்டு, ‘ஹோகீ’ வரை எல்லாம் ரொட்டியின் பெண்பாலில் நிற்கும். எனவே பார்க்க வேண்டியது காலத்தை அல்ல, செயல் முடிந்த வடிவில் வினை நிற்கிறதா என்பதை.

இதில் ரொட்டி எப்படிப் பெண்ணாயிற்று என்று கேட்பவர்களுக்குச் சமாதானம் சொல்ல முடியாது. தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மனிதருக்கு ஆண், பெண், மற்றதெல்லாம் அஃறிணை. இந்தியில் அஃறிணைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு பண்டமும் இரண்டு பாலில் ஒன்றுக்குள் போயாக வேண்டும். ‘ஈ’ என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்பால் என்று ஒரு கைவழி உண்டு. ஆனால் தண்ணீர் (பானீ), நெய் (கீ), முத்து (மோதீ) மூன்றும் ஆண்பால். ஆகவே ‘சீதா நே பானீ பியா’. நிகழ்காலத்தில் பேசும்வரை தண்ணீரின் பால் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம். ‘நே’ வந்த கணத்தில் அந்த அறியாமை வினையில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தமிழர் பேசும் இந்தியில் மிக அதிகமாகக் காதில் விழும் பிழையான ‘ராம் நே ரோட்டீ காயா’ இங்கிருந்துதான் பிறக்கிறது. ‘நே’யைப் போடத் தெரிந்திருக்கிறது, பிறகு பழக்கம் ராமிடம் இழுத்துப்போய்விடுகிறது.

இதுவரை சொன்னது விதியின் ஒரு பாதி. மறுபாதியில் ‘கோ’ வருகிறது. அதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு வீட்டிலேயே ஒரு சாவி இருக்கிறது.

பையனுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அவன் ‘பெண் பார்த்தான்’ என்கிறோம். கடைத்தெருவில் போகிற ஒருத்தி கண்ணில் பட்டால் ‘பெண்ணைப் பார்த்தான்’ என்கிறோம். முதலாவதில் இரண்டாம் வேற்றுமை உருபு இல்லை, இரண்டாவதில் ‘ஐ’ இருக்கிறது. முன்னது ஒரு சடங்கின் பெயர்போல ஆகிவிட்டது. பின்னதில் குறிப்பிட்ட ஒருத்தி நிற்கிறாள். இந்தி இதே இடத்தில் இதே வேலையைச் செய்கிறது. ‘லட்கே நே லட்கீ தேகீ’ என்றால் பையன் பெண் பார்த்தான். ‘லட்கே நே லட்கீ கோ தேகா’ என்றால் பையன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். நம் ‘ஐ’ நிற்கும் இடத்தில் அவர்களின் ‘கோ’ நிற்கிறது.

நம் மொழியில் கதை அத்தோடு முடிந்தது. ‘ஐ’ வந்தாலும் வராவிட்டாலும் ‘பார்த்தான்’ என்பது ‘பார்த்தான்’தான். இந்தியிலோ ‘கோ’ வந்ததும் வினை பெண்ணையும் விட்டுவிடுகிறது. ‘தேகீ’ என்பது ‘தேகா’ ஆகிறது. இந்த ‘தேகா’ ஆண்பால் ஆயிற்றே, அப்படியானால் பையனிடம் திரும்பிப் போய்விட்டதா? இல்லை. பார்த்தவளையும் பெண்ணாக்கிச் சோதித்துப் பாருங்கள்: ‘சீதா நே லட்கீ கோ தேகா.’ வாக்கியத்தில் இருப்பவர் இருவரும் பெண்கள், வினை ஆண்பால் ஒருமை. பன்மையாக்குங்கள்: ‘லட்கியோங் நே லட்கியோங் கோ தேகா.’ அப்போதும் ‘தேகா’தான். உருபு ஏறிய பெயரோடு இந்தி வினை இயைவதில்லை. ஒருவர் மேல் ‘நே’, மற்றவர் மேல் ‘கோ’ என்று இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தால், வினை யாரையும் சேராத பொது வடிவத்தில் நின்றுவிடும். அந்தப் பொது வடிவம் ஆண்பால் ஒருமையோடு ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். ‘உஸ்நே கஹா கி…’ (…என்று சொன்னார்) என்பதில் வரும் ‘கஹா’வும் இதே வகை. சொன்னவர் பாட்டியாக இருந்தாலும் ‘கஹா’தான்.

காமதா பிரசாத் குரு எழுதி 1920இல் வெளிவந்த ‘ஹிந்தி வியாகரண்’ இந்த மூன்று நிலைக்கும் மூன்று பெயர் வைத்துப் பேசுகிறது. வினை செய்தவரோடு போனால் கர்த்தரி பிரயோகம், செயப்படுபொருளோடு போனால் கர்மணி பிரயோகம், இரண்டோடும் போகாமல் தனித்து நின்றால் பாவே பிரயோகம். தமிழ்நாட்டில் பிராத்மிக், மத்யமா என்று தேர்வுகள் எழுதியவர்களுக்கு இந்தப் பெயர்கள் மங்கலாக நினைவிருக்கலாம். பெயர்கள் மறந்தாலும் பாதகமில்லை, பின்னால் இருக்கும் எண்ணம் எளியது. உருபு எதுவும் ஏறாமல் வெறுமனே நிற்கும் பெயரைத்தான் வினை தேடுகிறது. முதலில் செய்தவரிடம் போய்ப் பார்க்கும். அங்கே ‘நே’ இருந்தால் செயப்படுபொருளிடம் போகும். அங்கேயும் ‘கோ’ இருந்தால் வெறுங்கையோடு நிற்கும்.

அப்படியானால் யார் யாரை என்ன செய்தார் என்பதை எதை வைத்துப் பிடிப்பது? வினையை வைத்து அல்ல, உருபை வைத்து. ‘ராம் நே சீதா கோ தேகா’ என்பதைப் புரட்டி ‘சீதா கோ ராம் நே தேகா’ என்று சொன்னாலும் பார்த்தவன் ராம்தான். தமிழில் ‘சீதாவை ராம் பார்த்தான்’ என்று புரட்டுவது போலத்தான் இதுவும். நாம் எழுவாய்க்கு உருபு வைப்பதில்லை. இந்தி இந்த ஓர் இடத்தில் அதற்கும் வைக்கிறது. ஆகவே உருபைப் பார்க்கப் பழகியவருக்கு ‘நே’ வாக்கியம் சொல்லப்போனால் எளிது, செய்தவர் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறார். வினையின் விகுதியைப் பிடித்துக்கொண்டு போகிறவர்தான் ஏமாறுகிறார். ‘லட்கே நே லட்கீ தேகீ’ என்பதில் ‘தேகீ’யைக் கேட்டதும் ‘பார்த்தாள்’ என்று மனம் மொழிபெயர்த்துவிடும். பார்த்தவள் பெண் என்று முடிவு கட்டி, கல்யாண வீட்டில் யார் யாரைப் பார்க்க வந்தார் என்பதையே தலைகீழாக்கிவிடலாம்.

இன்னொரு வாக்கியத்தை விரித்துப் பார்ப்போம். ஒரு கதையின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘உஸ்நே தர்வாஸா கோலா, பத்தீ ஜலாயீ, சாய் பனாயீ அவுர் பைட் கயீ.’ கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தேநீர் தயாரித்து, உட்கார்ந்தது யார்? ஆணா, பெண்ணா?

‘உஸ்நே’ என்பதிலிருந்து ஒன்றும் தெரியாது. இந்தியின் படர்க்கைப் பெயருக்கு ஆண் பெண் பேதம் இல்லை. ‘வஹ்’ என்றால் அவனும் உண்டு அவளும் உண்டு, ‘நே’ சேர்ந்து ‘உஸ்நே’ ஆனாலும் அதே நிலைதான். ‘கோலா’ ஆண்பால், ஆனால் அது கதவுக்கு. அடுத்த ‘ஜலாயீ’ பெண்பால், விளக்குக்கு. ‘பனாயீ’ பெண்பால், தேநீருக்கு. அவசரப்படுகிறவர் முதல் வினையில் ஓர் ஆணைக் கற்பனை செய்து, இரண்டாவது வினையில் பெண்ணாக மாற்றி, குழம்பிப் போவார். மூன்று வினைகள் கடந்தும் அந்த ஆளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவில்லை. கடைசியில் வரும் ‘பைட் கயீ’ செயப்படுபொருள் இல்லாத வினை. அதற்கு ‘நே’ ஒட்டாது, அது உட்கார்ந்தவரைத்தான் பார்க்கும். அது பெண்பாலில் இருப்பதால் கதவைத் திறந்தவளும் அவளே என்று இப்போதுதான் தெரிகிறது. ‘பைட் கயா’ என்று மாற்றினால் மற்ற எதையும் தொடாமலே முழு வாக்கியமும் ஓர் ஆணுடையதாகிவிடும்.

இந்தியில் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. ‘மைங்நே தேகா’, ‘மைங்நே சுனா’, ‘மைங்நே கஹா’ என்று தன்மையில் கதை சொல்லிக்கொண்டே போனால் சொல்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பல வரிகள் மறைத்து வைக்கலாம். ‘மைங் கயீ’ என்று ஒரு தடவை எழுதிவிட்டால் மறைப்பு விலகிவிடும். தமிழில் ‘பார்த்தேன்’, ‘போனேன்’ எல்லாமே தன்மையில் பால் காட்டாதவை என்பதால் இந்த விளையாட்டு நமக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது. இந்தியிலிருந்து மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். ‘உஸ்நே கஹா’வைப் பார்த்ததும் ‘சொன்னான்’ என்று எழுதிவிட்டு, இரண்டு பத்தி கழித்து அவள் சிரிப்பதைக் கண்டு முன்னால் போய்த் திருத்த வேண்டியிருக்கும்.

பேச்சில் இந்த இயைபு உருப்படியான உதவியும் செய்கிறது. மேசையில் ஒரு டம்ளர் பாலும் ஒரு டம்ளர் தேநீரும் இருக்கின்றன. உள்ளிருந்து அம்மா ‘பீ லீ?’ என்று கேட்டால் தேநீரைக் கேட்கிறார், ‘பீ லியா?’ என்றால் பாலை. எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை, ‘குடித்தாயிற்றா’ என்ற ஒரு வினை மட்டும் இருக்கிறது. தேநீர் பெண்பால், பால் ஆண்பால் என்பதால் எந்த டம்ளர் என்பது தெரிந்துவிடுகிறது. தமிழ் வினை குடித்தவரைக் காட்டுகிறது, இந்த இந்தி வினை குடிக்கப்பட்டதைக் காட்டுகிறது.

சில வாக்கியங்களில் வினை இயையும் பெயர் எது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ‘ராம் நே சீதா கீ மதத் கீ’ (ராம் சீதாவுக்கு உதவி செய்தான்) என்பதைப் பாருங்கள். கடைசி ‘கீ’ பெண்பால். சீதா பெண் என்பதால் வந்தது என்று நினைக்கத் தோன்றும். சீதாவின் இடத்தில் மோகனை வையுங்கள்: ‘ராம் நே மோகன் கீ மதத் கீ.’ அப்போதும் ‘கீ’தான். இயைபு ‘மதத்’ என்ற சொல்லோடு, உதவி என்பது அங்கே பெண்பால் பெயர். ‘இந்த்ஸார் கியா’ (காத்திருந்தார்) என்றால் ஆண்பால், ‘கோஷிஷ் கீ’ (முயன்றார்) என்றால் பெண்பால். யார் காத்திருந்தார், யார் முயன்றார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே வாக்கியத்தில் வரும் இரண்டு ‘கீ’களில் முதலாவது ‘உடைய’ என்னும் உருபு, இரண்டாவது ‘செய்தாள்’ போலத் தோன்றும் வினை. எழுத்தில் இரண்டும் ஒன்றே. தேர்வுத்தாளில் தடுமாற வைக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது.

கொடுப்பது, எழுதுவது, சொல்லித்தருவது போன்ற வினைகளில் மூன்று பேர் இருப்பார்கள். ‘மாங் நே பேட்டே கோ கிதாப் தீ’: அம்மா மேல் ‘நே’, மகன் மேல் ‘கோ’, புத்தகம் வெறுமனே நிற்கிறது. புத்தகம் பெண்பால் என்பதால் ‘தீ’. கொடுத்தது அம்மா என்பதால் அல்ல. அப்பா கொடுத்திருந்தாலும் ‘தீ’தான். அம்மா பணம் கொடுத்திருந்தால் ‘பைஸா தியா’.

இதையெல்லாம் கேட்டபின் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். ‘ராம் நே ரோட்டீ காயீ’ என்பது உண்மையில் ‘ராமால் ரொட்டி உண்ணப்பட்டது’ என்ற செயப்பாட்டு வாக்கியம்தானே? அப்படி வைத்துக்கொண்டால் ரொட்டியே எழுவாய் ஆகிவிடும், வினை அதோடு போவதில் வியப்பும் இருக்காது. சில பயிற்சி நூல்கள் இப்படிச் சொல்லி மாணவரைச் சமாதானப்படுத்துகின்றன. நினைவில் வைக்க உதவும் என்பதைத் தவிர இதை நான் ஏற்கமாட்டேன். ‘ராம் நே பைட்கர் அப்னீ ரோட்டீ காயீ’ என்ற வாக்கியத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். ‘உட்கார்ந்து தன் ரொட்டியைச் சாப்பிட்டான்.’ உட்கார்ந்தது யார்? ராம். ‘அப்னீ’ என்ற ‘தன்’ யாரைக் குறிக்கிறது? ராமை. இந்தியில் ‘கர்’ என்ற வினையெச்சத்தைச் செய்பவரும், ‘அப்னா’ சுட்டுபவரும் வழக்கமாக வாக்கியத்தின் எழுவாய்தான். வினை ரொட்டியோடு போனாலும் எழுவாய்க்குரிய மற்ற உரிமைகள் எல்லாம் ராமிடமே இருக்கின்றன. இன்னொன்று, இந்திக்கு அசல் செயப்பாட்டு வினை தனியாக இருக்கிறது: ‘ரோட்டீ காயீ கயீ.’ இரண்டையும் ஒன்றாக்கினால் அடுத்த வாக்கியத்திலேயே இடறும். ‘ராம் நே சீதா கோ தேகா அவுர் ஹன்ஸ் படா’ என்றால் சிரித்தது ராம். சீதா சிரித்தாள் என்று சொல்ல வேண்டுமானால் ‘அவுர் வஹ் ஹன்ஸ் படீ’ என்று புதிதாக ஒரு ‘வஹ்’ போட வேண்டும்.

செயப்பாட்டு என்ற அந்த எண்ணம் முழுப் பொய்யும் அல்ல, அது பழைய கதை. சமஸ்கிருதத்தில் ‘ராமேண கதா படிதா’ என்றால் ‘ராமால் கதை படிக்கப்பட்டது’. ராமுக்கு மூன்றாம் வேற்றுமை, ‘படிதா’ என்ற எச்ச வடிவம் கதையின் பெண்பாலில். கதைக்குப் பதில் புத்தகம் என்றால் ‘ராமேண புஸ்தகம் படிதம்’. அந்த மொழியில் இறந்தகாலத்தைச் சொல்ல ஆளோடு இயையும் வேறு வினைமுற்றுகள் பல இருந்தன. பிராகிருதங்களின் காலத்தில் அவை வழக்கொழிந்தன. மிஞ்சியது இந்த எச்ச வடிவம். நடந்து முடிந்ததைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் அதன் தலையில் விழுந்தது. ‘காயா’, ‘காயீ’, ‘தேகா’, ‘தேகீ’ எல்லாம் அதன் வழிவந்தவை. அதனால்தான் அவை இன்றும் செயப்படுபொருளோடு போகின்றன. நிகழ்காலத்து ‘காதா’, ‘காதீ’ வேறு ஓர் எச்சத்திலிருந்து வந்தவை. ‘உண்கிற’ என்று செய்பவரைத் தழுவிய எச்சம் அது, ஆகவே அவை செய்பவரோடு போகின்றன. இந்தி ஒரு காலத்தில் ஒரு மாதிரியும் மறு காலத்தில் வேறு மாதிரியும் நடப்பதற்குக் காரணம் இந்த இரண்டு மூதாதையர்கள். ‘நே’ என்ற உருபு பின்னாளில் வந்து சேர்ந்தது. சமஸ்கிருதத்தின் ‘ஏன’ தலைகீழாகி ‘நே’ ஆயிற்று என்ற பழைய விளக்கத்தை இன்றைய மொழியியலாளர் பலர் ஒப்புக்கொள்வதில்லை.

‘நே’ எங்கே வராது என்பதற்கு ஒரு நல்ல துப்பு உண்டு. கூட்டுவினையில் கடைசி உறுப்பைப் பாருங்கள். ‘ராம் நே சாரீ ரோட்டியாங் கா லீங்’ என்றாலும் ‘ராம் சாரீ ரோட்டியாங் கா கயா’ என்றாலும் ரொட்டிகள் அத்தனையும் தீர்ந்தது ஒன்றே. முதலாவதில் கடைசி உறுப்பு ‘எடு’ என்னும் வினை, செயப்படுபொருள் குன்றாதது. எனவே ‘நே’ உண்டு, வினை ரொட்டிகளின் பெண்பால் பன்மையில் மூக்கொலியோடு முடிகிறது. இரண்டாவதில் கடைசி உறுப்பு ‘போ’. ‘நே’ கழன்றுவிடுகிறது, வினை ராமிடம் வந்துவிடுகிறது. ‘ராம் ரோட்டீ லாயா’ (ராம் ரொட்டி கொண்டுவந்தான்) என்பதில் செயப்படுபொருள் இருந்தும் ‘நே’ இல்லாததன் காரணமும் இதுதான் என்பார்கள். ‘லானா’ என்பது ‘லே ஆனா’ (எடுத்து வா) என்பதன் சுருக்கம், அதன் வாலில் ‘வா’ ஒளிந்திருக்கிறது. ‘போல்னா’, ‘பூல்னா’ (பேசு, மற) போன்ற சில வினைகளைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வேடிக்கையாக, தும்மலுக்கு ‘நே’ உண்டு: ‘உஸ்நே சீங்கா.’

இந்தியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு மட்டும் இது எல்லாம் சிரமமே இல்லாமல் ஓடுகிறதா? 2015இல் பால்தசார் பிக்கலும் உடன் பணியாற்றியவர்களும் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்தி பேசுவோரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தது. வாக்கியத்தின் தொடக்கத்தில் உருபில்லாத பெயர் வந்தால் கேட்பவர் அதைச் செய்பவராகவே முதலில் எடுத்துக்கொள்கிறார். பின்னால் வரும் வினை அது செயப்படுபொருள் என்று காட்டும்போது திருத்திக்கொள்வதன் தடம் அலையில் தெரிகிறது. உருபில்லாத பெயர் செயப்படுபொருளாகவும் வரும் என்பதை வாழ்நாள் முழுதும் கேட்டுப் பழகியவர்களிடமே இந்தச் சாய்வு இருக்கிறது. உலகத்தில் இத்தகைய அமைப்பு சிறுபான்மையாக இருப்பதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம்.

மொழி நிலைத்து நிற்காத ஓரங்களையும் பார்க்க வேண்டும். குஜராத்தியில் ‘ராமே சீதாநே ஜோயீ’ என்றால் ராம் சீதாவைப் பார்த்தான். இந்தியில் செய்தவர் மேல் ஏறும் ‘நே’ என்ற அதே ஒலி அங்கே செயப்படுபொருள் மேல் ஏறுகிறது. செய்தவருக்கு ‘ஏ’. அது போதாதென்று, உருபு ஏறிய சீதாவோடும் வினை பெண்பாலில் இயைகிறது. இந்தி தெரிந்தவர் குஜராத்தி வாக்கியத்தைக் கேட்டு, பார்த்தது சீதா என்று கொள்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. கிழக்கே போனால் அவதியிலும் போஜ்புரியிலும் இந்த ‘நே’ இல்லை. பீகாரில் வளர்ந்தவர் இந்தி பேசும்போதும் ‘ஹம் ரோட்டீ காயே ஹைங்’ என்று வினையைத் தம்மோடே வைத்துக்கொள்வார். தில்லிக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு.

தெற்கில் ஹைதராபாத்தின் தக்கனி இன்னொரு வழி எடுத்திருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் சூழ்ந்த நிலத்தில் நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டுவரும் அந்தப் பேச்சில் ‘நே’ பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆண் ‘மைங் ரோட்டீ காயா’ என்கிறான், பெண் ‘மைங் ரோட்டீ காயீ’ என்கிறாள். சாப்பிட்டது யார் என்பதை வினையே சொல்லிவிடுகிறது, ரொட்டியின் பாலை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் தமிழ் மாணவர் எழுதும் வாக்கியமும் ஏறக்குறைய இதுதான். அங்கே அதற்கு மதிப்பெண் குறையும், சார்மினார் பக்கத்துக் கடைகளில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.